சுருக்கிய பிறகு பெருத்துப்போகும் ஸ்கேன் பக்கங்கள்

பழைய கிரயப் பத்திரங்களை ஸ்கேன் செய்து சேமித்துக் கொடுப்பது என் வேலை. ஒருமுறை ஒரே கட்டிலிருந்து எடுத்த இரண்டு பக்கங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். முழுக்க எழுத்து நிரம்பிய இரண்டாம் பக்கத்தின் கோப்பு சிறியது. பாதிதான் எழுத்து, மேல்பாதியில் முத்திரைத்தாளின் வெளிர்நிற வேலைப்பாடு மட்டுமே உள்ள முதல் பக்கத்தின் கோப்பு பல மடங்கு பெரியது. அமைப்பு இரண்டுக்கும் ஒன்றே: கறுப்பு வெள்ளை, ஃபேக்ஸ் முறைச் சுருக்கம்.

அந்தச் சுருக்கம் எப்படி நடக்கிறது என்று தெரிந்தால் காரணம் விளங்கிவிடும். ஃபேக்ஸ் அகலத்தில் ஒரு வரிசைக்கு 1728 புள்ளிகள். அப்படியே சேமித்தால் புள்ளிக்கு ஒரு பிட் வீதம் 1728 பிட், அதாவது 216 பைட். குரூப் 3 ஃபேக்ஸ் முறை புள்ளிகளைத் தனித்தனியாக எழுதுவதில்லை. வெள்ளை இத்தனை, கறுப்பு இத்தனை என்று தொடர்ச்சிகளின் நீளத்தை மாற்றி மாற்றி எழுதுகிறது. ஒவ்வொரு நீளத்துக்கும் ஒரு நிலையான குறி உண்டு. அடிக்கடி வரும் நீளங்களுக்குக் குட்டைக் குறி, அரிதானவற்றுக்கு நீண்ட குறி. 64-ஐயும் அதற்கு மேற்பட்ட நீளங்களையும் இரண்டு குறிகளாகப் பிரித்து எழுதுவார்கள்.

ஒன்றுமே இல்லாத வெள்ளை வரிசையை எடுத்துக்கொள்வோம். 1728 வெள்ளைக்கு 9 பிட் குறி, அதை முடிக்கப் பூஜ்ய நீளத்துக்கு 8 பிட் குறி. மொத்தம் 17 பிட். நூறில் ஒரு பங்குதான். (வரிசை முடிவுக் குறிக்கான 12 பிட்டை இங்கே எங்கும் சேர்க்கவில்லை.) நடுவில் ஒரே ஒரு தூசிப்புள்ளி விழுந்தாலும் கணக்கு மாறிவிடும்: 800 வெள்ளை, 1 கறுப்பு, 927 வெள்ளை என்று எழுத 17, 3, 17 ஆக 37 பிட் ஆகிறது. ஒரு தூசியின் விலை 20 பிட். ஸ்கேனர் கண்ணாடியைத் துடைக்கச் சொல்வது படம் அழகாக இருக்க மட்டும் அல்ல.

எழுத்து ஓடும் ஒரு வரிசை: இடது ஓரம் 200 வெள்ளை, பிறகு நான்கு புள்ளித் தடிமனில் 80 கோடுகள், கோடுகளுக்கு நடுவே 12 வெள்ளை, கடைசியில் 260 வெள்ளை. இடது ஓரத்துக்கு 11 பிட், 80 கறுப்புக்கு மும்மூன்றாக 240, நடுவிலுள்ள 79 வெள்ளைக்கு ஆறாறாக 474, வலது ஓரத்துக்கு 11. மொத்தம் 736. நெருக்கமான எழுத்திலும் பாதிக்கு மேல் மிச்சம்.

இப்போது முத்திரைத்தாளின் மேல்பாதிக்கு வருவோம். ஸ்கேனரின் அமைப்பில் வெளிர்நிறத்தைப் புள்ளிகளாகத் தூவிக் காட்டும் தேர்வு இருந்தது. 'டிதர்' அல்லது 'ஹாஃப்டோன்' என்று பெயர் போட்டிருப்பார்கள். அது சாம்பல் நிறத்தை மூன்று வெள்ளை, ஒரு கறுப்பு என்பதுபோல உடைத்துவிடுகிறது. மூன்று வெள்ளைக்கு 4 பிட், ஒரு கறுப்புக்கு 3 பிட். நான்கு புள்ளிக்கு 7 பிட் செலவு. ஒரு வரிசை 3024 பிட் ஆகிறது, சுருக்காததைவிட ஒன்றே முக்கால் மடங்கு. நிறம் இன்னும் அடர்ந்து ஒன்று விட்டு ஒன்று கறுப்பானால் இரண்டு புள்ளிக்கு 9 பிட். வரிசைக்கு 7776 பிட், நாலரை மடங்கு! அப்படிப்பட்ட 500 வரிசைகள் மட்டுமே 4,86,000 பைட் பிடிக்கும். 2200 வரிசை கொண்ட முழுப் பக்கத்தைச் சுருக்காமல் வைத்தாலே 4,75,200 பைட்தான்.

எல்லை எங்கே இருக்கிறது? மூன்று வெள்ளை, மூன்று கறுப்பு என்று மாறி வந்தால் ஆறு புள்ளிக்குச் சரியாக 6 பிட். அங்கே லாபமும் இல்லை, நட்டமும் இல்லை. ஆகவே வரிசையில் எவ்வளவு கறுப்பு இருக்கிறது என்பதைவிட, நிறம் எத்தனை முறை மாறுகிறது என்பதே முக்கியம். தடித்த கறுப்புப் பட்டை மலிவு, பொடிப் புள்ளிகள்தான் செலவு. மேல் வரிசையோடு ஒப்பிட்டு எழுதும் குரூப் 4 முறை எழுத்துப் பக்கங்களில் இன்னும் நன்றாகச் சுருக்கும். ஆனால் தூவிய புள்ளிகள் வரிசைக்கு வரிசை இடம் மாறுவதால் அதற்கும் இங்கே பிடிப்பு கிடைப்பதில்லை.

சந்தேகம் வந்தால் இந்தக் கட்டளையை ஓட்டிப் பாருங்கள்:

```
tiffinfo -s scan.tif
```

படம் பல துண்டுகளாகச் சேமிக்கப்பட்டிருக்கும். ஒவ்வொரு துண்டும் எத்தனை பைட் என்று இது காட்டும். ஒரு துண்டிலுள்ள வரிசைகளின் எண்ணிக்கையை, ஒரு வரிசைக்கான பைட்டால் (இங்கே 216) பெருக்குங்கள். காட்டும் பைட் அதைவிட அதிகமாக இருந்தால் அந்தப் பகுதி சுருங்கவில்லை, வீங்கியிருக்கிறது. எந்தத் துண்டு என்பதை வைத்துப் பக்கத்தின் எந்த இடம் என்றும் கண்டுபிடித்துவிடலாம்.

அந்தக் கட்டை நான் மறுபடி ஸ்கேன் செய்தேன். டிதரை அணைத்து, ஒரு வெளிச்ச அளவுக்கு மேலே வெள்ளை, கீழே கறுப்பு என்று பிரிக்கும் சாதாரண முறைக்கு மாற்றினேன். வேலைப்பாடு பெரும்பாலும் வெள்ளையாகி, கோப்பு இரண்டாம் பக்கத்தின் அளவுக்கு அருகே வந்தது. ஆனால் வெளிறிய ஒரு முத்திரையும் அதோடு மறைந்துபோனது. முத்திரை, கைநாட்டு, மங்கிய மை இருக்கும் பக்கங்களை இப்போது கறுப்பு வெள்ளையில் எடுப்பதே இல்லை. சாம்பல் நிறப் படமாக எடுத்து ஜேபெக்கில் வைக்கிறேன்.