மார்க் குறைந்த விடைத்தாளோடு பிள்ளை வீட்டுக்கு வரும்போது

இந்தப் பருவத்தில் என் மேசைக்கு வந்த மூன்றாவது போலிக் கையெழுத்து அது. எட்டாம் வகுப்புப் பையன். கணக்கில் 100-க்கு 41. பெற்றோர் கையெழுத்து போட வேண்டிய இடத்தில் அப்பாவின் கையெழுத்தை அவனே போட்டுக் கொண்டு வந்திருந்தான். உட்காரவைத்து, "அப்பா அடிப்பாராப்பா?" என்று கேட்டேன். "இல்ல மேடம்." "திட்டுவாரா?" "அதுவும் இல்ல. ஏன்னு கேட்பார்."

அந்த வார இறுதியில் பெற்றோர் கூட்டம் இருந்தது. அங்கே பத்து நிமிடம் இதைப் பற்றித்தான் பேசினேன். வர முடியாதவர்களுக்காக, கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன்.

"நான் பிள்ளையைக் குறை சொல்வதே இல்லை, ஏன் மார்க் குறைந்தது என்றுதான் கேட்கிறேன்" என்று பல பெற்றோர் சொல்கிறார்கள். உங்கள் நோக்கம் எனக்குப் புரிகிறது. ஆனால் அந்த ஏன் பிள்ளையின் காதில் கேள்வியாக விழுவதில்லை. தன் மார்க் ஏன் குறைந்தது என்று அவனுக்கே தெரியாது. தெரிந்திருந்தால் தேர்வு அறையிலேயே திருத்தியிருப்பான். நீங்கள் கேட்டுவிட்டதால் ஏதாவது சொல்லியாக வேண்டும். "கேள்வி கஷ்டமா இருந்துச்சு", "டீச்சர் அதை நடத்தவே இல்ல" என்று வாயில் வந்ததைச் சொல்கிறான். உடனே நீங்கள், "சாக்கு சொல்லாதே" என்கிறீர்கள். இரண்டே வாக்கியத்தில் பேச்சு விசாரணையாகிவிட்டது. "எனக்குக் கோபமில்லை, வருத்தம்தான்" என்பதும் இதே வகைதான். உங்கள் வருத்தத்துக்கும் சேர்த்து அவன் பொறுப்பேற்க வேண்டியிருக்கிறது.

அடுத்ததாக, கூட்டத்துக்குக் கூட்டம் நான் கேட்கும் ஒரு வாதம். "மேடம், போன முறை நல்லா திட்டினேன், அடுத்த தேர்விலேயே மார்க் ஏறிடுச்சு. பாராட்டினா தலைக்கு ஏறி இறங்கிடுது." இதைச் சொல்பவர்கள் பொய் சொல்லவில்லை. கண்ணால் பார்த்ததைத்தான் சொல்கிறார்கள். அதனால்தான் இந்த நம்பிக்கையை அசைப்பது இவ்வளவு சிரமமாக இருக்கிறது. கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

ஒரு தேர்வில் வரும் மார்க்கில் இரண்டு விஷயங்கள் கலந்திருக்கின்றன. பிள்ளைக்குத் தெரிந்தது ஒன்று, அன்றைய நாள் அமைந்த விதம் இன்னொன்று. படித்த பகுதியிலிருந்து கேள்வி வந்ததா, முந்தைய இரவு தூங்கினானா, முதல் கேள்வியிலேயே சிக்கிக்கொண்டானா என்பதெல்லாம் இரண்டாவதில் சேரும். வழக்கமாக 60 வாங்கும் பிள்ளை ஒருமுறை 41 வாங்கினால், பெரும்பாலும் அன்று இந்த இரண்டாவது பங்கும் மோசமாக இருந்திருக்கும். அத்தனையும் அடுத்த முறையும் சேர்ந்து மோசமாக அமைவது அரிது. ஆகவே நீங்கள் திட்டினாலும் திட்டாவிட்டாலும் அடுத்த மார்க் கொஞ்சம் மேலே வரத்தான் வாய்ப்பு அதிகம். அதேபோல் வழக்கத்தைவிட மிக நல்ல மார்க்குக்கு அடுத்தது, பாராட்டினாலும் பாராட்டாவிட்டாலும், கொஞ்சம் இறங்கத்தான் வாய்ப்பு அதிகம். நாம் குறைந்தபோது திட்டுகிறோம், ஏறியபோது பாராட்டுகிறோம். அதனால் திட்டுதான் வேலை செய்கிறது என்று தோன்றிவிடுகிறது.

உளவியல் அறிஞர் டேனியல் கானமன் இஸ்ரேல் விமானப்படைப் பயிற்சியாளர்களிடம் பேசப் போனபோது அவர்களும் இதையே சொன்னார்கள். நன்றாக ஓட்டியவனைப் பாராட்டினால் அடுத்த முறை சொதப்புகிறான், சொதப்பியவனைக் கத்தினால் தேறிவிடுகிறான் என்றார்கள். அவர் அவர்களை இலக்குக்கு முதுகைக் காட்டி நிற்கவைத்து, பின்பக்கமாக நாணயத்தை இரண்டு முறை வீசச் சொன்னார். முதல் வீச்சில் இலக்கைவிட்டு வெகுதூரம் போனவர்களில் பெரும்பாலோர் இரண்டாவதில் நெருங்கினார்கள். முதலில் நெருங்கியவர்களில் பெரும்பாலோர் விலகிப்போனார்கள். யாரும் யாரையும் திட்டவுமில்லை, பாராட்டவுமில்லை.

திட்டினால் நிச்சயமாக நடப்பது என்னவென்று பள்ளியில் இருக்கும் எங்களுக்குத் தெரியும். விடைத்தாள் வீட்டுக்கு வராது. புத்தகப் பைக்குள் நான்காக மடிந்து கிடக்கும், அல்லது அந்தப் பையன் செய்தது போல் கையெழுத்தோடு எங்களிடமே திரும்பி வரும். மார்க் என்ற எண் உங்களுக்கு எப்படியும் தெரிந்துவிடும். அந்த எண்ணில் ஒன்றுமே இல்லை. என்ன செய்ய வேண்டும் என்ற தகவல் முழுக்க விடைத்தாளில்தான் இருக்கிறது. அதைத்தான் நீங்கள் இழக்கிறீர்கள்.

சரி, அந்த 41-க்கு வருவோம். பையனும் நானும் ஒரே பக்கமாக உட்கார்ந்து விடைத்தாளைப் பிரித்தோம். பேனா அவன் கையில். முதலில் கூட்டல் சரியா என்று பார்த்தோம். (இதைத் தவறாமல் செய்யுங்கள். திருத்துபவர்களும் மனிதர்கள்தான், ஒரு பக்கத்தின் மார்க்கைக் கூட்டாமல் விடுவது நடக்கிறது.) அப்புறம் அவன் முழு மார்க் வாங்கிய கணக்கு ஒன்றை எடுத்து, அதை எப்படிப் போட்டான் என்று சொல்லச் சொன்னேன். அதற்குப் பிறகுதான் போன 59 மார்க் எங்கெங்கே போயின என்று ஒவ்வொன்றாக ஓரத்தில் குறித்தோம்.

22 மார்க், அவன் தொடவே தொடாத கடைசி இரண்டு கேள்விகளில் போயிருந்தது. "எந்தக் கணக்குல ரொம்ப நேரம் ஆச்சு?" என்று கேட்டேன். மூன்றாவது கணக்கைக் காட்டினான். அடித்து அடித்து ஒரு பக்கமே கறுத்திருந்தது. அது 4 மார்க் கேள்வி. அவனுக்கு அந்தப் பாடம் தெரியாமல் இல்லை, விட்டுவிட்டு அடுத்ததுக்குப் போகத் தெரியவில்லை.

14 மார்க் ஐந்து வெவ்வேறு இடங்களில் போயிருந்தது. 7 − (x − 3) என்பதைப் பிரித்து 7 − x − 3 என்று எழுதியிருந்தான். கடைசியில் + 3 வர வேண்டும். ஐந்து இடத்திலும் இதே தவறு. வீட்டில் இதற்கு வைக்கும் பெயர் கவனக்குறைவு. இந்தச் சொல்லைத் தயவுசெய்து கொஞ்ச நாளைக்குத் தள்ளிவையுங்கள். கவனம் சிதறினால் ஓரிடத்தில் தவறும், இன்னோரிடத்தில் சரியாக வரும். ஒரே தவறு ஐந்து முறை வந்தால், பிள்ளை அதைச் சரியென்றே நம்பிச் செய்கிறான் என்று பொருள். "கவனமா போடு" என்று நூறு முறை சொன்னாலும் அவன் கவனமாக அதே தவறைத்தான் செய்வான்.

இரண்டையும் பிரித்தறிய ஓர் எளிய வழி இருக்கிறது. விடைத்தாளில் உள்ள கணக்கைக் காட்டாமல், அதே வகையில் புதிதாக ஒன்றை எழுதிக் கொடுங்கள். சரியாகப் போட்டால் அது கைதவறல். அதே தவறை உறுதியோடு மறுபடி செய்தால் அது புரிதலில் இருக்கும் ஓட்டை. அவனுக்கு 9 − (y − 4) கொடுத்தேன். கொஞ்சமும் தயங்காமல் 9 − y − 4 என்று எழுதினான். அடைப்புக்குறிக்கு முன்னால் இருக்கும் கழித்தல் குறி உள்ளே இருக்கும் இரண்டையும் மாற்றும் என்பது அவனுக்குத் தெரியவே தெரியாது. y-க்கு 5 என்று வைத்து இரண்டு பக்கமும் கணக்கிடச் சொன்னேன். ஒரு பக்கம் 8 வந்தது, இன்னொரு பக்கம் 0. "ஐயோ" என்றான். அவ்வளவுதான், நான் விளக்கவே வேண்டியிருக்கவில்லை.

12 மார்க் வாசகக் கணக்குகளில் போயிருந்தது. "20 என்பது ஓர் எண்ணைவிட 5 அதிகம், அந்த எண் எது?" என்ற மாதிரியான கேள்விகள். 'அதிகம்' என்ற சொல்லைப் பார்த்ததும் கூட்டி 25 என்று எழுதிவிடுகிறான். கேள்வியை முழுதாக வாசிக்காமல் ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு ஓடுவது. மீதி 11-இல் 8 மட்டுமே எண்ணைத் தப்பாகப் பார்த்தெழுதியது. 3 மார்க் அலகு எழுதாதது.

இருபத்தைந்து நிமிடத்தில் முடிந்தது. 59 மார்க் என்ற மலை, மூன்று நான்கு சின்ன வேலைகளாகிவிட்டது. அதில் ஒன்றை மட்டும் அந்த வாரம் எடுத்துக்கொள்ளச் சொன்னேன். அடைப்புக்குறியைத்தான் அவன் தேர்ந்தெடுத்தான். நாளுக்கு மூன்று கணக்கு, ஐந்து நாள்.

நீங்களும் வீட்டில் இதைச் செய்யலாம். அந்தப் பாடம் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்றுகூட இல்லை. எங்கே போனது என்று குறிப்பதற்கு ஆசிரியராக இருக்க வேண்டியதில்லை. ஆனால் விடைத்தாள் வந்த அன்றே உட்காராதீர்கள். அன்று கையெழுத்தை மட்டும் போட்டுக் கொடுத்துவிட்டு, "நாளைக்குச் சேர்ந்து பார்க்கலாம்" என்று சொல்லுங்கள். கையெழுத்து என்பது பார்த்தேன் என்பதற்கான ஒப்புதல்தான். அதைப் பேரம் பேசும் பொருளாக்கினால் அடுத்த முறை அவனே போட்டுக்கொள்வான். தம்பி தங்கை முன்னால் வேண்டாம், பள்ளி வாசலில் வேண்டாம். பக்கத்து வீட்டுப் பிள்ளையின் மார்க்கைக் கொண்டுவராதீர்கள், அந்த விடைத்தாள் உங்கள் மேசையில் இல்லை. அரை மணி நேரத்துக்கு மேல் நீட்டாதீர்கள். பேசிக்கொண்டிருக்கும்போதே உங்கள் குரல் உயர்ந்துவிட்டால் பாதியில் நிறுத்தி, "இப்போ எனக்குப் பதட்டமா இருக்கு, அப்புறம் பார்க்கலாம்" என்று எழுந்துவிடுங்கள்.

இந்த வழி உதவாத இடங்களும் உண்டு. எல்லாப் பாடத்திலும் ஒரே பருவத்தில் மார்க் சரிந்தால் விடைத்தாளை அலசி நேரம் கடத்தாதீர்கள். தூக்கம் எப்படி, நண்பர்களோடு என்ன பிரச்சினை, யாராவது துன்புறுத்துகிறார்களா என்று மெல்லப் பேசிப் பாருங்கள். பலகையில் இருப்பதைத் தப்பாகப் பார்த்தெழுதினால் முதலில் கண் பரிசோதனை. "நான் இருந்து என்ன பிரயோஜனம்" என்ற மாதிரி ஒரு வார்த்தை வந்துவிட்டால், மார்க்கை முழுக்க மறந்துவிடுங்கள். பிள்ளையைத் தனியாக விடாமல் கூடவே இருங்கள், அன்றே மனநல மருத்துவரையோ பள்ளி ஆலோசகரையோ அணுகுங்கள். சும்மா சொல்கிறான் என்று நினைக்காதீர்கள், கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

அந்தப் பையன் அடுத்த தேர்வில் 57 வாங்கினான். இதைப் பெரிய வெற்றி என்று சொல்ல மாட்டேன். மேலே சொன்னேனே, அதில் ஒரு பங்கு தானாகவே ஏறியிருக்கும். நான் பார்த்தது வேறு. விடைத்தாள் முழுவதிலும் அடைப்புக்குறித் தவறு ஒன்றுகூட இல்லை. வாசகக் கணக்குத் தவறு அப்படியே இருக்கிறது. இந்த முறை அவன் அப்பாவும் கூட வந்திருந்தார். எப்போதும் கேட்கும் "பையன் எப்படிப் படிக்கிறான்?" என்பதைக் கேட்கவில்லை. ஓரத்தில் பென்சிலால் குறித்த விடைத்தாளை என் முன்னால் விரித்து, "மேடம், 9 மார்க் இந்த மாதிரிக் கேள்வியில போயிருக்கு, இதுக்கு என்ன செய்யலாம்?" என்றார். அதற்கு எங்கள் கணக்கு ஆசிரியரால் பதில் சொல்ல முடிந்தது.