தொதல் ஏன் கூழாகத் தெரிந்தது?

உப்புவெளியில் பெரியம்மா வீட்டு முற்றத்தில், விறகடுப்பில் மூன்று மணித்தியாலம் தொதல் கிண்டினோம். அடுப்பு மூட்டியதிலிருந்து இறக்கும்வரை முழுவதையும் போனில் பதிந்தேன். அதை 120 மடங்கு வேகமாக்க 90 செக்கன் வந்தது. பார்க்கச் சுகமான நீளம். ஆனால் பெரியம்மாவின் முகம் சுருங்கிப் போனது. "என்ன தம்பி இது, கடைசிவரைக்கும் கூழ் மாதிரியே கிடக்கு?"

அவர் பிழையைச் சரியாகப் பிடித்துவிட்டார். ஒரு பொருள் எவ்வளவு தடிப்பு என்று கண் எப்படி அறிகிறது? அது எவ்வளவு மெதுவாக வழிகிறது என்பதை வைத்துத்தான். தண்ணீர் சட்டென்று ஓடும், தேன் தயங்கி இறங்கும். வேகமாக்கிய படத்தில் அந்தத் தயக்கம் போய்விடுவதால் தேனும் தண்ணீர்போல ஓடும். தொதலில் நடப்பதோ முழுக்க முழுக்கத் தடிப்பு ஏறுவதுதான். முதலில் தேங்காய்ப்பாலில் கரைத்த அரிசிமா ஏறக்குறைய 70 பாகை வெப்பத்தில் நீரைக் குடித்து வீங்கும். பிறகு மணிக்கணக்கில் நீர் ஆவியாகும். கடைசியில் பாலின் கொழுப்பு பிரிந்து எண்ணெய் கக்கும். இந்தத் தடிப்பைத்தான் என் வீடியோ மறைத்திருந்தது.

அகப்பையைத் தூக்கிப் பிடித்தால் அரைவாசி வெந்த தொதல் கீழே விழ ஏறக்குறைய மூன்று செக்கன் ஆகும். 120 மடங்கில் அது ஒரு செக்கனின் நாற்பதில் ஒரு பங்கு. செக்கனுக்கு 25 பிரேம் ஓடும் படத்தில் ஒரு பிரேமுக்கே அது போதாது. அதாவது அந்த விழுகை படத்திலேயே இல்லாமல் போகலாம்.

ஆகவே இரண்டாம் முறை தொகுத்தபோது மூன்று இடங்களில் மட்டும் சாதாரண வேகத்தை விட்டேன். மூன்றிலும் பெரியம்மா அகப்பையைத் தூக்குகிறார். முதலாவதில் கலவை பால்போலச் சொட்டுகிறது. இரண்டாவதில் நாடாபோல மடிந்து விழுகிறது. மூன்றாவதில் கட்டியாகத் தொங்கி, அறுந்து, தொப்பென்று விழுகிறது. ஒவ்வொன்றும் எட்டு செக்கன். அகப்பை எழும்புவதற்கு ஒரு செக்கன் முன்னரே வேகத்தைக் குறைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் கண் நிதானிப்பதற்குள் விழுந்து முடிந்துவிடும். சத்தமும் இந்த இடங்களில் மட்டுமே உண்டு, மற்ற இடங்களில் ஒலியை நிறுத்திவிட்டேன். போனில் உள்ள டைம்லாப்ஸ் வசதியை நம்பியிருந்தால் இதற்கு வழியே இருந்திருக்காது. அது இடையிடையே ஒரு பிரேமை மட்டும் வைத்துக்கொண்டு மிச்சத்தை விட்டுவிடும். சாதாரண வீடியோவாகவே எடுத்து, பிறகு வேகமாக்குவதுதான் வழி.

வேகமான பகுதியில் இன்னொரு தொல்லை இருந்தது: அகப்பை தாச்சிக்குள் பேய்பிடித்ததுபோலத் துள்ளியது. 120 மடங்கு என்றால் 4.8 செக்கனுக்கு ஒரு பிரேம். பெரியம்மா ஒரு சுற்றுச் சுற்ற ஏறக்குறைய 2.4 செக்கன். இரண்டும் அச்சொட்டாகப் பொருந்தியிருந்தால் ஒவ்வொரு பிரேமிலும் அகப்பை ஒரே இடத்தில் நின்று, அவர் கிண்டவே இல்லை என்று தோன்றியிருக்கும். சுற்றுச் சற்று மந்தமானால் பின்னோக்கிச் சுழல்வதாகத் தெரியும். மனிதக் கை கடிகாரம் இல்லையே, அதனால்தான் இந்தத் துள்ளல். பிரேம்களை எறியாமல், 120 பிரேமையும் சராசரியாக்கி ஒன்றாக்கினால் இது தீரும். ffmpeg என்ற வீடியோ மென்பொருளுக்கு இந்தக் கட்டளையைக் கொடுத்தேன்:

```
ffmpeg -i thothal.mp4 -vf "fps=25,tmix=frames=120,setpts=PTS/120,fps=25" -an vegam.mp4
```

இப்போது அகப்பை மெல்லிய புகையாகக் கரைந்துவிடுகிறது. கலவையின் மட்டம் தாச்சியில் விரல் விரலாக இறங்குவதும், வெள்ளை பழுப்பாகிக் கறுப்பதும் துலக்கமாகத் தெரிகின்றன. சாதாரண வேகத்தில் பக்கத்தில் நின்றவர்கூட இதைக் கண்டிருக்கமாட்டார்.

அந்த நிறமாற்றம் தெரிய ஒரு முன்னேற்பாடு வேண்டும். தாச்சி கறுக்கக் கறுக்க, போன் தன்பாட்டில் வெளிச்சத்தைக் கூட்டி, கறுப்பைப் பழுப்பாகவே வைத்திருக்கும். தொடக்கத்திலேயே வெள்ளைப் பாலின்மேல் விரலை அழுத்திப் பிடித்து, வெளிச்சத்தைப் பூட்டிவிட வேண்டும். பூட்டியது நின்றதா என்று அறிய அடுப்புக் கல்லைப் பாருங்கள். படம் ஓட ஓடக் கல் வெளுத்துக்கொண்டு போனால் பூட்டு விலகிவிட்டது. முற்றத்தில் என்றால் மேகமும் கல்லை மாற்றும், ஆனால் மேகம் போனதும் கல் பழைய நிறத்துக்குத் திரும்பும்.

புதிய வீடியோ இரண்டு நிமிடத்துக்கும் குறைவு. மூன்றாவது முறை அகப்பை எழும்பியபோது பெரியம்மா போனை என் கையிலிருந்து வாங்கிக் கிட்டப் பிடித்தார். கட்டி விழுந்த இடத்தைச் சுற்றி எண்ணெய் மெல்ல ஊறி வந்தது. "ம், இந்தப் பதத்திலதான் இறக்கினனான்."