டி-க்கும் ஐ-க்கும் நடுவே

அடிடாஸ் டீ-ஷர்ட்டின் கழுத்து லேபிளில் ஆறு ஆங்கிலச் சிற்றெழுத்துகள் வரிசையாக நிற்கும்: ஏ, டி, ஐ, டி, ஏ, எஸ். இது போலியா என்று சந்தேகம் வந்தால் நான் முதலில் பார்ப்பது இவற்றுக்கு இடையே உள்ள வெற்றிடத்தை.

மொத்தம் ஐந்து இடைவெளிகள். நான்கில் ஒரு பக்கம் நேர்க்கோடு, எதிர்ப்பக்கம் வளைவு. முதல் டி-க்கும் ஐ-க்கும் நடுவே மட்டும் இரண்டு பக்கமும் நேர்க்கோடு. வளைவு மேலேயும் கீழேயும் உள்வாங்கிப் போவதால் அங்கே கூடுதல் வெள்ளை கிடைக்கிறது. நேர்க்கோடுகளுக்கு அந்த வசதி இல்லை. ஐந்தையும் ஒரே அளவில் வைத்தால் டி-யும் ஐ-யும் ஒட்டிக்கொண்ட மாதிரி தெரியும். நம் கண் தூரத்தை அளப்பதில்லை, பரப்பை எடைபோடுகிறது. அதனால்தான் லோகோ வரைபவர்கள் ஒவ்வொரு ஜோடியையும் கண்ணால் பார்த்துக் கையால் நகர்த்துகிறார்கள். இதற்கு கெர்னிங் என்று பெயர். முடிந்ததும் லோகோவை ஒரே படமாகப் பூட்டிவிடுவார்கள்.

போலி செய்பவரிடம் அந்தப் படம் இல்லையென்றால் அவருக்கு இரண்டு வழி. ஒன்று, 1970-இல் வந்த அவந்த் கார்ட் காதிக் போல ஒத்த ஃபாண்டில் தட்டச்சு செய்வது. எழுத்துகள் சுத்தமாக வரும், இடைவெளி மட்டும் ஃபாண்டுக்கு உரியதாக இருக்கும். இன்னொன்று, அசல் லேபிளைப் படம்பிடித்து அதன் மேல் வரைவது. இடைவெளி ஏறக்குறைய சரியாக வரும், ஆனால் கூர்முனைகள் மழுங்கும். இரண்டு டி-யும் தனித்தனியாக வரையப்படுவதால் ஒன்றின் வயிறு உருண்டும் மற்றதன் வயிறு சற்று நீண்டும் போகும். அசல் லேபிள் கையில் இல்லாதபோதும் இந்தச் சோதனையைச் செய்யலாம்: இரண்டு டி-யையும், இரண்டு ஏ-யையும் ஒன்றோடொன்று ஒப்பிடுங்கள்.

இடைவெளியை அளக்க மில்லிமீட்டர் உதவாது, லேபிளுக்கு லேபிள் அளவு மாறும். லேபிளை நேர் மேலிருந்து படமெடுத்துப் பெரிதாக்கி, இடைவெளியை ஐ-யின் தண்டு அகலத்தால் வகுத்துப் பாருங்கள். படத்தில் தண்டு 10 பிக்சல், இடைவெளி 8 பிக்சல் என்றால் 0.8. அசலில் 0.8 வரும் இடத்தில் 0.5 வந்தால் சந்தேகப்படலாம்.

நெய்த லேபிள் என்றால் தறியையும் கணக்கில் எடுக்க வேண்டும். அங்கே வளைவு என்பது இழைகளால் ஆன படிக்கட்டு. 3 மி.மீ. உயர எழுத்து, சென்டிமீட்டருக்கு 40 ஊடை இழை ஓடினால் 12 வரிகளில் உருவாகும். 20 இழைதான் என்றால் வெறும் 6 வரி. அப்போது ஏ-யின் வட்டம் எண்கோணம் மாதிரி ஆகிவிடும், உள்ளே இருக்கும் துளை அடைபடும். எழுத்து இழைக் கட்டத்தில் எங்கே விழுகிறது என்பதைப் பொறுத்து அசலிலும் ஓர் இழை முன்னே பின்னே போகும். ஆகவே ஓர் இழை வித்தியாசத்தை நான் குற்றமாக எடுப்பதில்லை.

ஒப்பிடும்போது அதே மாடல், அதே ஆண்டு லேபிளையே எடுங்கள். ஒரே நிறுவனத்துக்குப் பல ஆலைகள் லேபிள் போடும், வடிவமும் காலப்போக்கில் மாறும். அசல் படமே வெளியே கசிந்து போலிக்காரர் கையில் சேர்ந்திருந்தால் எழுத்து எதையும் காட்டிக்கொடுக்காது. அப்புறம் தையலையும் துணியையும்தான் பார்க்க வேண்டும்.