ரேபிஸ் தடுப்பூசிக்குப் பிறகு வரும் 0.5 என்ற எண்

ரேபிஸ் தடுப்பூசி போட்டுக்கொண்ட ஒருவரின் இரத்தத்தைப் பரிசோதித்து வரும் அறிக்கையில் பெரும்பாலும் ஒரே ஒரு எண்தான் இருக்கும். மில்லிலிட்டருக்கு 0.5 சர்வதேச அலகு அல்லது அதற்கு மேல் இருந்தால் "போதுமானது" என்றும், அதற்குக் கீழே இருந்தால் "போதாது" என்றும் எழுதியிருப்பார்கள். 0.6 வந்தவர் தமக்கு இனி ரேபிஸ் வரவே வராது என்று நிம்மதி அடைகிறார், 0.4 வந்தவர் போட்ட ஊசியெல்லாம் வீணாகிவிட்டது என்று கலங்குகிறார். இரண்டு முடிவுகளும் தவறானவை. எப்படித் தவறு என்பதைப் புரிந்துகொள்ள, அந்த எண் ஆய்வகத்தில் எப்படி உருவாகிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

ரேபிஸ் வைரஸின் மேற்புறத்தில் முட்கள் போல நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு கிளைக்கோபுரதம் இருக்கிறது. நரம்புச் செல்லைப் பற்றிக்கொண்டு உள்ளே நுழைய வைரஸுக்கு அதுதான் கருவி. தடுப்பூசிக்குப் பிறகு நம் உடல் பல வகை எதிர்ப்பொருள்களை உருவாக்கினாலும், இந்த முட்களைச் சரியான இடத்தில் பற்றிக்கொண்டு வைரஸை முடக்குகிறவற்றையே நடுநிலையாக்கும் எதிர்ப்பொருள்கள் என்கிறோம். 0.5 என்ற அளவுகோல் இவற்றுக்கானது. இரத்தத்தில் இவை எத்தனை மில்லிகிராம் உள்ளன என்று எவரும் எடை போட்டுப் பார்ப்பதில்லை. இரத்தம் உறைந்த பின் செல்கள் நீங்கிப் பிரியும் தெளிந்த திரவமான சீரம், உயிருள்ள வைரஸை எவ்வளவு தூரம் தடுக்கிறது என்பதைத்தான் சோதிக்கிறார்கள்.

ஆர்.எஃப்.எஃப்.ஐ.டி என்று சுருக்கமாக அழைக்கப்படும் சோதனை 1973ஆம் ஆண்டிலிருந்து இதற்குப் பயன்பட்டு வருகிறது. முதலில் சீரத்தை 56 பாகை செல்சியஸில் அரை மணி நேரம் சூடாக்கி, சோதனையில் குறுக்கிடக்கூடிய காம்ப்ளிமென்ட் என்ற இரத்தப் புரதங்களைச் செயலிழக்கச் செய்கிறார்கள். எதிர்ப்பொருள்கள் இந்த வெப்பத்தைத் தாங்கிக்கொள்ளும். பிறகு சீரத்தை ஐந்து மடங்கு, இருபத்தைந்து மடங்கு, நூற்றிருபத்தைந்து மடங்கு என்று படிப்படியாக நீர்க்கச் செய்து, சிறு அறைகளாகப் பிரிக்கப்பட்ட கண்ணாடித் தகட்டில் அறைக்கு ஒரு நீர்ப்பு வீதம் விடுகிறார்கள். ஒவ்வோர் அறையிலும் ஒரே அளவு ரேபிஸ் வைரஸைச் சேர்த்து, 37 பாகையில் தொண்ணூறு நிமிடங்கள் வைக்கிறார்கள். எதிர்ப்பொருள் வைரஸைப் பிடிப்பதற்கான நேரம் இது. அதன் பின் செல்களைச் சேர்த்து ஏறக்குறைய ஒரு நாள் வளரவிடுகிறார்கள். பிடிபடாமல் தப்பிய வைரஸ் அந்தச் செல்களுக்குள் புகுந்து பெருகும்.

மறுநாள் செல்களை அசிட்டோனில் நிலைப்படுத்தி, ரேபிஸ் வைரஸின் உட்புரதத்தில் மட்டும் ஒட்டும் ஒளிர்சாயத்தால் நிறமேற்றி, ஒளிர்வு நுண்ணோக்கியில் பார்க்கிறார்கள். வைரஸ் புகுந்த செல்லுக்குள் பளிச்சென்ற பச்சைத் துகள்கள் கரும்பின்னணியில் தெரியும். நுண்ணோக்கியில் ஒரே நேரத்தில் தெரியும் பரப்பே ஒரு பார்வைப் புலம்; ஓர் அறைக்கு இருபது பார்வைப் புலங்கள் வீதம் நகர்த்திப் பார்த்து, எத்தனை புலங்களில் ஒரு பச்சைச் செல்லாவது இருக்கிறது என்று எண்ண வேண்டும். சீரமே சேர்க்காத அறையில் பதினெட்டு முதல் இருபது புலங்கள் வரை பச்சை தெரியும்படி வைரஸின் அளவை முன்பே சரிசெய்து வைத்திருப்பார்கள். எந்த நீர்ப்பில் சரியாகப் பாதிப் புலங்கள், அதாவது பத்துப் புலங்கள், பச்சையாகுமோ அந்த நீர்ப்புதான் அந்தச் சீரத்தின் டைட்டர்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஒருவரின் சீரம் ஐந்து மடங்கு நீர்ப்பில் வைரஸை முழுமையாகத் தடுத்துவிடுகிறது. இருபத்தைந்து மடங்கில் நான்கு புலங்கள் பச்சை. நூற்றிருபத்தைந்து மடங்கில் பதினெட்டுப் புலங்கள் பச்சை. பத்துப் புலங்கள் என்ற நடுப்புள்ளி இவ்விரண்டுக்கும் இடையே எங்கோ விழ வேண்டும். நான்கிலிருந்து பதினெட்டு வரையுள்ள பதினான்கு படிகளில் ஆறு படி ஏறினால் பத்து. மடக்கை அளவில் அதே விகிதத்தில் நகர்ந்தால் ஏறக்குறைய ஐம்பது மடங்கு நீர்ப்பு கிடைக்கிறது. இதே சோதனையில், மில்லிலிட்டருக்கு 2 அலகு உள்ளது என்று முன்பே நிர்ணயிக்கப்பட்ட ஒப்பீட்டுச் சீரத்தையும் வைத்திருப்பார்கள். அதன் டைட்டர் இருநூறு என்று வந்தால், நம் சீரம் அதில் கால் பங்கு. 2 அலகில் கால் பங்கு 0.5. அறிக்கையில் "போதுமானது" என்று வரும்.

இப்போது இருபத்தைந்து மடங்கு அறையில் நான்கு புலங்களுக்குப் பதிலாக ஆறு புலங்களில் பச்சை தெரிந்திருந்தால் என்ன ஆகும்? மற்ற எல்லாம் அப்படியே இருக்க, டைட்டர் நாற்பத்து மூன்றாகக் குறைகிறது. அலகுக் கணக்கில் 0.43. அறிக்கை "போதாது" என்று மாறிவிடுகிறது. இரண்டு புலங்களில் தெரிந்த ஓரிரு பச்சைச் செல்கள்தான் வேறுபாடு. உயிருள்ள வைரஸையும் உயிருள்ள செல்லையும் வைத்துச் செய்யும் சோதனையில் இத்தகைய ஏற்ற இறக்கம் இயல்பானது. ஒரே சீரம் இரு வேறு நாள்களில் இரு மடங்கு வித்தியாசத்தோடு வந்தாலும் நிபுணர்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. ஆகவே 0.5க்குச் சற்று மேலே இருப்பவரையும் சற்றுக் கீழே இருப்பவரையும் இரு வேறு வகை மனிதர்களாக எண்ணுவதற்கு அந்த எண்ணே இடம் தருவதில்லை.

அப்படியானால் 0.5 எங்கிருந்து வந்தது? மனிதர்களுக்குத் தடுப்பூசி போட்டு, பிறகு வைரஸைச் செலுத்தி, எந்த அளவில் பிழைக்கிறார்கள் என்று பார்க்கும் ஆய்வு ஒருபோதும் நடக்க முடியாது. அறிகுறி தொடங்கிவிட்டால் ஏறத்தாழ எல்லோரையும் கொல்லும் நோய் இது. விலங்குகளில் நடந்த சோதனைகள், வைரஸ் செலுத்தப்படும் வேளையில் எதிர்ப்பொருள் அதிகம் கொண்டவை அதிகம் பிழைக்கின்றன என்று காட்டின. ஆனால் இந்தக் கோட்டுக்கு மேலே சாவே இல்லை என்று சொல்லும்படியான ஒரு துல்லியமான எல்லையை அவை தரவில்லை. தடுப்பூசிக்கு உடல் தெளிவாகப் பதில் கொடுத்திருக்கிறது என்பதற்கு ஐயமில்லாத அடையாளமாகவே உலக சுகாதார நிறுவனம் 0.5ஐ ஏற்றுக்கொண்டது. ஊசி போடாதவரின் சீரத்தில் தற்செயலாகத் தோன்றக்கூடிய மங்கலான தடுப்புக்கு மேலே, நன்கு விலகி நிற்கும் அளவு அது. அமெரிக்காவில் நெடுங்காலம் ஐந்து மடங்கு நீர்ப்பில் முழுத் தடுப்பு இருந்தாலே போதும் என்று வைத்திருந்தார்கள். அலகுக் கணக்கில் அது 0.5ஐவிடக் குறைவு. 2022இல்தான் அவர்களும் 0.5க்கு மாறினார்கள். மாறுவதற்கு முன்பும் பின்பும் மனித உடல் ஒன்றாகத்தான் இருந்தது என்பதை நினைவில் வைத்தால், இது மனிதர்கள் கலந்துபேசி வரைந்த கோடு என்பது விளங்கும்.

எண்ணின் பொருள் காலத்தையும் இடத்தையும் பொறுத்தது என்பதற்கு இந்நோயே ஒரு கொடிய சான்றைத் தருகிறது. கடித்த இடத்தில் விழுந்த வைரஸ் தசையில் சில காலம் தங்கி, பிறகு நரம்பு முனைக்குள் நுழைந்து, நரம்பிழையின் உட்புறமாகவே தண்டுவடத்துக்கும் மூளைக்கும் ஏறுகிறது. நரம்புக்குள் போகும் முன் அதை எதிர்ப்பொருள் பிடித்தால்தான் பயன். தடுப்பூசியே போடாமல் நோய் முற்றியவர்களில் சிலருக்குக் கடைசி நாள்களில் இரத்தத்தில் எதிர்ப்பொருள் தோன்றுகிறது. மருத்துவர்கள் அதை நோயை உறுதிசெய்யும் அடையாளமாகவே பயன்படுத்துகிறார்கள். பாதுகாப்பைக் குறிக்கிறது என்று நாம் நம்பும் அதே பொருள், அங்கே பிந்தி வந்ததால் எதையும் காப்பாற்றுவதில்லை.

இனி ஒரு கால்நடை மருத்துவரை எடுத்துக்கொள்வோம். பணியில் சேரும்போது முன்தடுப்பு ஊசிகளை முறையாகப் போட்டுக்கொண்டார். சில வாரங்களில் அவருடைய அளவு 0.5ஐ வெகுவாகத் தாண்டி உச்சத்தைத் தொட்டிருக்கும்; முதல் ஆண்டில் வேகமாகவும் பிறகு மெதுவாகவும் இறங்குவது இதன் இயல்பு. இரண்டு ஆண்டுகள் கழித்துச் சோதித்தபோது 0.3 வந்தது. இதற்குப் பொருள், இரத்தத்தில் இப்போது சுற்றிக்கொண்டிருக்கும் எதிர்ப்பொருள் குறைந்துவிட்டது என்பது மட்டுமே. அவற்றை உருவாக்கக் கற்றுக்கொண்ட நினைவுச் செல்கள் உடலில் இருக்கின்றன. அவற்றை இந்தச் சோதனை பார்ப்பதே இல்லை. ஒரே ஒரு ஊக்க ஊசி போட்டால், முதன்முறை போட்டவருக்கு இரண்டு வாரம் பிடிக்கும் ஏற்றம் இவருக்கு ஒரு வாரத்துக்குள் வந்துவிடும். முதலிலிருந்து மீண்டும் தொடங்க வேண்டியதில்லை. தெரியாமலேயே வைரஸைத் தொட நேரக்கூடிய தொழிலில் இருப்பவர்களுக்குத்தான் இந்த அவ்வப்போதைய சோதனை. உயிருள்ள ரேபிஸ் வைரஸோடு ஆய்வகத்தில் வேலை செய்பவர்கள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்த்துக்கொள்கிறார்கள்.

எந்த முறையில் சோதித்தார்கள் என்பதையும் அறிக்கையில் பார்க்க வேண்டும். எலைசா முறையில் வைரஸும் இல்லை, செல்லும் இல்லை; தட்டில் பூசிய கிளைக்கோபுரதத்தில் எவ்வளவு எதிர்ப்பொருள் ஒட்டுகிறது என்பதையே அது அளக்கிறது. ஒட்டுவதெல்லாம் முடக்குவதில்லை. மலிவாகவும் விரைவாகவும் முடிகிறது என்பதால் அதற்கு இடம் உண்டு. ஆனால் அதில் வந்த 0.5ஐயும் வைரஸைத் தடுத்துக் காட்டிய 0.5ஐயும் ஒன்றாக வைத்து ஒப்பிடக் கூடாது. அதே போல, கடிபட்டவுடன் இம்யூனோகுளோபுலின் பெற்றவரின் இரத்தத்தைச் சில நாள்களில் எடுத்தால், வெளியிலிருந்து ஏற்றப்பட்ட எதிர்ப்பொருளும் எண்ணிக்கையில் சேர்ந்துகொள்ளும். தடுப்பூசி வேலை செய்ததா என்ற கேள்விக்கு அந்த எண் மட்டும் விடை தராது.

இந்தச் சோதனை உண்மையிலேயே ஒரு முடிவை மாற்றும் இடம் ஒன்று உண்டு. உறுப்பு மாற்றுக்குப் பிறகு மருந்து எடுப்பவர், புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவர் என்று நோயெதிர்ப்பு தளர்ந்தவர்களுக்கு, முழுத் தவணையும் போட்ட பின்னும் எதிர்ப்பொருளே உருவாகாமல் போகலாம். அவர்களுக்குத் தவணை முடிந்து சில வாரங்களில் இரத்தம் பார்த்து, 0.5ஐ எட்டாவிட்டால் மேலும் ஊசி போடுவார்கள். மற்றபடி நலமாக உள்ளவர், கடிக்குப் பின் முறையாகத் தவணைகளை முடித்திருந்தால், டைட்டர் பார்க்கத் தேவையில்லை.

அந்தக் கால்நடை மருத்துவரை ஒரு நாள் வெறிநாய் கடித்துவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அவர் கையில் போன வாரத்து அறிக்கை இருக்கிறது. அதில் 4 அலகு என்று அச்சிட்டிருக்கிறது. அப்போதும் அவர் செய்ய வேண்டியது மாறுவதில்லை. காயத்தை உடனே சோப்பும் ஓடும் நீரும் கொண்டு பதினைந்து நிமிடங்கள் கழுவ வேண்டும். அன்றே ஒரு தடுப்பூசி, அதிலிருந்து மூன்று நாள் கழித்து இன்னொன்று. முன்பே முறையாகப் போட்டவர் என்பதால் இம்யூனோகுளோபுலின் வேண்டாம். இரத்தச் சோதனைக்கு அனுப்பிவிட்டு விடை வரும்வரை காத்திருக்கவும் கூடாது. அறிக்கையில் 4க்குப் பதிலாக 0.2 இருந்திருந்தாலும் இதே இரண்டு ஊசிகள்தான், இதே நாள்கள்தான்.