எஸ்.ஆரை ஓய்வுக்கு முன் ஒருமுறை நீங்களே புரட்டுங்கள்

தமிழ்நாடு அரசு ஊழியர்களின் ஓய்வூதியக் கருத்துருக்களைத் தயாரிக்கும் வேலையில் நெடுநாள் இருந்தவன் நான். கோப்பு திரும்பி வருவதற்குப் பெரும்பாலும் எஸ்.ஆர். எனும் பணிப்பதிவேட்டில் விடுபட்ட ஒரு வரிதான் காரணமாக இருக்கும்.

முதல் பக்கத்தில் பிறந்த தேதி எண்ணிலும் எழுத்திலும் இருக்கும். இரண்டையும் பத்தாம் வகுப்புச் சான்றிதழோடு ஒப்பிடுங்கள். 7.8 என்பது 8.7 ஆகியிருந்தால் ஓய்வு நாளே ஒரு மாதம் முன்னே போய்விடும். ஒரே நாள் வித்தியாசம்கூட இங்கே பெரிது. 1.7.1966-இல் பிறந்தவர் 60 வயதில் ஓய்வு பெறுவது 30.6.2026 அன்று, 2.7.1966-இல் பிறந்தவருக்கோ அது 31.7.2026.

எழுதியவர் கைப்பிழையாகப் போட்டது வேறு, சான்றிதழில் உள்ள தேதியே தவறு என்பது வேறு. முன்னதை மூலச் சான்றிதழைக் காட்டித் திருத்தக் கேட்கலாம். பின்னதற்குப் பணியில் சேர்ந்த ஐந்தாண்டுக்குள் விண்ணப்பித்திருக்க வேண்டும். ஓய்வு நெருங்கும்போது கேட்டால் நீதிமன்றங்களும் ஏற்பதில்லை.

அப்புறம், பணி சரிபார்ப்புப் பதிவுகள். ஒவ்வோர் ஆண்டும் சம்பளப் பட்டியலைப் பார்த்து, "இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை பணி சரிபார்க்கப்பட்டது" என்று அலுவலகத் தலைவர் கையொப்பமிட வேண்டும். இது அறுபடுவது பெரும்பாலும் மாறுதலில்தான். ஓர் உதவியாளரின் பதிவேட்டை எடுத்துக்கொள்வோம். பழைய அலுவலகத்தில் 12.6.1998 பிற்பகல் விடுவிப்பு. புதிய அலுவலகத்தில் 22.6.1998 முற்பகல் சேர்க்கை. பழைய அலுவலகம் 12-ஆம் தேதி வரை சரிபார்த்தது, புதியது 22-ஆம் தேதியிலிருந்து. நடுவில் 13 முதல் 21 வரை ஒன்பது நாள் என்னவாயிற்று என்று எங்கும் ஒரு வரி இல்லை. பணியேற்பிடைக்காலமா, ஈட்டிய விடுப்பா? ஆணை எண்ணோடு பதிவு இருந்தால் ஒரு சிக்கலும் இல்லை. இல்லாவிட்டால் மாநிலக் கணக்காயர் அலுவலகம் விளக்கம் கேட்கும். ஓய்வுக்குப் பிறகும் அதற்காகப் பழைய அலுவலகத்துக்கு அலைய வேண்டியிருக்கும். அந்த அலுவலகமே வேறொன்றோடு இணைந்துபோயிருந்தால் 1998-ஆம் ஆண்டுச் சம்பளப் பட்டியலைத் தேடுவது எவ்வளவு பாடு என்பது தேடியவருக்குத்தான் தெரியும்.

அதனால் ஒரு தாளில் சேர்ந்த தேதி, விடுவித்த தேதி, முற்பகலா பிற்பகலா என்று வரிசையாக எழுதிக்கொண்டு, ஒவ்வொரு சரிபார்ப்பும் முந்தையது முடிந்த மறுநாளே தொடங்குகிறதா என்று பாருங்கள். பணிவரன்முறை, தகுதிகாண் பருவம் முடித்த ஆணைகளும் பதிவாகியிருக்க வேண்டும். தற்காலிகப் பணி நீக்கம் இருந்திருந்தால், அந்தக் காலம் எப்படிக் கருதப்பட்டது என்ற ஆணை கட்டாயம் வேண்டும். அரசின் களஞ்சியம் மென்பொருளில் ஏற்றிய தேதிகள் தாள் பதிவேட்டோடு ஒத்துப்போகின்றனவா என்பதையும் விடாதீர்கள்.

இதையெல்லாம் ஓய்வுக்கு ஐந்தாறு ஆண்டு முன்பே செய்வது நல்லது. பிழை தெரிந்தால் நீங்களாகவோ, எழுத்தரைக் கேட்டோ மேலெழுதித் திருத்திவிடாதீர்கள். அடித்தல் திருத்தல் சந்தேகத்தைத்தான் கூட்டும். ஆதார நகல்களோடு அலுவலகத் தலைவருக்கு மனு கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு உங்கள் நகலில் தேதி முத்திரை வாங்கி வையுங்கள்.