ஸ்மூத்திங்: மென்மையாக்கமா, நிரவலா?

கல்யாணப் படங்களைப் பார்த்துவிட்டு, "ஸ்மூத்திங் ஜாஸ்தியாயிடுச்சு" என்று பலர் சொல்லக் கேட்கிறோம். முகம் வழவழவென்று இருக்கிறது, ஆனால் அது நம் முகமாக இல்லை என்பதுதான் அவர்கள் சொல்ல வருவது. திருத்தியவர் வெளியாள் என்றால் நேராகச் சொல்லிவிடலாம். பெரியம்மா மகன் ஆசையாக எடுத்து, பல இரவுகள் உட்கார்ந்து திருத்திக் கொடுத்த படம் என்றால் வாய் வராது. அப்படிப்பட்ட இடத்தில் இந்தச் சொல்லின் சரியான பொருள் தெரிந்திருந்தால், மனம் நோகாமல், வேண்டியதை மட்டும் கேட்க முடியும்.

முதலில் ஒரு குழப்பத்தை விலக்கிவிடலாம். அழகு நிலையத்தில் முடிக்குச் செய்யும் ஸ்மூத்தனிங் வேறு. இங்கே பேசுவது எடுத்து முடித்த படத்தில் தோலின் மேல் செய்யும் திருத்தத்தைப் பற்றி.

ஸ்மூத் என்பது பழைய ஆங்கிலத்திலேயே இருந்த சொல். மேடு பள்ளம் இல்லாத, கை தடுக்காமல் வழுக்கிச் செல்கிற பரப்பைக் குறித்தது. பிறகு வினையாகி, அப்படி ஆக்குவதையும் குறித்தது. புள்ளியியலார் இதை எடுத்துக்கொண்டு, தாறுமாறாக ஏறி இறங்கும் எண்களை அக்கம்பக்கத்து எண்களோடு சராசரி பார்த்துச் சீராக்குவதற்கு ஸ்மூத்திங் என்று பெயர் வைத்தார்கள். கணினியில் ஒரு படம் என்பது எண்களின் அடுக்குதான். அதனால் அதே பெயர் படத் திருத்தத்துக்கும் வந்து சேர்ந்தது.

வேலை மட்டும் கணினிக்கு மிகவும் முந்தியது. கண்ணாடி நெகட்டிவ் காலத்து ஸ்டூடியோக்களில், முகத்தில் உள்ள கரும்புள்ளி நெகட்டிவில் வெளிறித் தெரியும். அந்த இடத்தில் கூரான பென்சிலால் மெல்லப் புள்ளி வைத்து நிரப்பினால், பிரிண்டில் கரும்புள்ளி மறைந்துவிடும். டச்சிங் என்று சொல்லப்பட்டது இதுதான். அது கைவேலை என்பதால் ஒவ்வொரு புள்ளியையும் பார்த்து, இது வேண்டும், இது வேண்டாம் என்று முடிவெடுத்தே ஆகவேண்டும். இன்றைய ஸ்மூத்திங் அந்த முடிவைக் கேட்பதில்லை. ஒரே இழுப்பில் நெற்றி முதல் தாடை வரை எல்லாவற்றையும் ஒன்றாக்கிவிடுகிறது. மிகை வருவது பெரும்பாலும் இங்கிருந்துதான்.

உள்ளே நடப்பதை ஒரு சின்னக் கணக்கில் பார்த்துவிடலாம். கன்னத்தில் அடுத்தடுத்து ஐந்து புள்ளிகளின் வெளிச்ச அளவு 146, 150, 118, 147, 149 என்று வைத்துக்கொள்வோம். 0 என்றால் முழுக் கருப்பு, 255 என்றால் முழு வெள்ளை. நடுவில் உள்ள 118 ஒரு மயிர்த்துளையின் நிழல். ஐந்தையும் கூட்டினால் 710, சராசரி 142. ஸ்மூத்திங் 118-ஐ எடுத்துவிட்டு அந்த இடத்தில் 142-ஐ வைக்கிறது. பக்கத்துப் புள்ளிகளும் இதேபோல் தத்தம் அண்டை அயலின் சராசரிக்கு நகர்கின்றன. நிழல் போய்விட்டது, துளையும் போய்விட்டது. மெல்லிய பூனைமுடி, கண்ணோரக் கோடு, மச்சத்தின் விளிம்பு எல்லாம் இதே வழியில்தான் மறைகின்றன. நடைமுறையில் நேர் சராசரிக்குப் பதில், அருகில் உள்ள புள்ளிக்கு அதிக எடை கொடுக்கும் காஸியன் முறையையோ, விளிம்பு கண்ட இடத்தில் நின்றுவிடும் முறையையோ பயன்படுத்துவார்கள். அடிப்படை மாறுவதில்லை.

இப்போது தமிழுக்கு வருவோம். அகராதியைத் திறந்தால் மென்மையாக்கம் என்று கிடைக்கும். எனக்கு இது பொருத்தமாகப் படவில்லை. மென்மை என்பது தொட்டால் தெரிகிற குணம், கடினத்துக்கு எதிர். அதோடு, படக்கலையில் சாஃப்ட் என்று தனியாக ஒன்று இருக்கிறது. சற்றே மங்கி, ஒளி பரவிய தோற்றத்துக்கு அந்தப் பெயர். மென்மை என்ற சொல்லை அதற்கு விட்டுவைப்பதுதான் நல்லது. வழவழப்பாக்கம் என்பது விளைவைச் சொல்கிறது, செயலைச் சொல்லவில்லை. பூசி மெழுகுதல் காதுக்கு இனிமையான வழக்கு. ஆனால் அதில் ஒரு குற்றத்தை மறைக்கிற சாயல் ஏறிவிட்டது. திருத்தியவர் எதையும் மறைக்க நினைக்கவில்லையே.

நான் எடுத்துக்கொள்ளும் சொல் நிரவல். நிலத்தில் மேட்டை வெட்டிப் பள்ளத்தில் போட்டுச் சமமாக்குவதை நிரவுதல் என்கிறோம். ஒரு பள்ளியில் மிகுதியாக உள்ள ஆசிரியரைக் குறைவாக உள்ள பள்ளிக்கு மாற்றுவதற்குப் பணி நிரவல் என்று அரசாணைகளிலேயே பெயர். கூடுதலான இடத்தில் குறைத்து, குறைவான இடத்தில் சேர்த்து ஒரு மட்டத்துக்குக் கொண்டுவருவதுதான் இந்தச் சொல்லின் உயிர். மேலே பார்த்த கணக்கிலும் 150 இறங்கியது, 118 ஏறியது. செயலும் சொல்லும் இந்த அளவுக்கு ஒட்டுவது அரிது. முகத்துக்குச் செய்வதைத் தோல் நிரவல் என்றும், எல்லை தாண்டியதை மிகை நிரவல் என்றும் சொல்லலாம்.

இந்தச் சொல்லில் இன்னொரு வசதி உண்டு. நிரவல் என்றதும் எவ்வளவு என்ற கேள்வி தானாக எழுகிறது. மென்மையாக்கு என்றால் ஆக்கியாயிற்று, அவ்வளவுதான். நிரவலைப் பாதி செய்யலாம், கால்வாசி செய்யலாம். திருத்தும் மென்பொருளில் நிரவிய அடுக்கைத் தனி லேயராக வைத்து அதன் ஒபாசிட்டியை, அதாவது மறைப்பளவை, 100-லிருந்து 40-க்கு இறக்கினால், நமது 118 முழுசாக 142 ஆகாமல் 128 அருகே நின்றுவிடும். துளை இருக்கும், உறுத்தாது. குறைத்துக் கேட்பது என்றால் நடைமுறையில் இதைத்தான் கேட்கிறோம்.

மிகை நிரவலை எப்படிக் கண்டுபிடிப்பது? கைப்பேசியில் முழுப் படமாகப் பார்த்தால் தெரியாது. 100 சதவீத அளவுக்குப் பெரிதாக்கி, முகத்தையும் கழுத்தையும் மாறி மாறிப் பாருங்கள். கழுத்திலும் கையிலும் தோலின் இழை தெரிந்து, கன்னத்தில் மட்டும் காணவில்லை என்றால் அது மிகைதான். புருவத்தின் ஓரமும் முடி தொடங்கும் கோடும் கரைந்து தோலோடு கலந்திருக்கும். மூக்கின் பக்கவாட்டு நிழல் தேய்ந்து முகம் தட்டையாகியிருக்கும். திருத்தியவருக்கு இது கண்ணில் படாமல் போவதற்கும் காரணம் உண்டு. அவர் 200, 300 சதவீதம் பெரிதாக்கி வைத்துக்கொண்டு வேலை செய்கிறார். அந்த அளவில் ஒவ்வொரு துளையும் ஒரு குறையாகத் தெரியும், கண்ணும் சீக்கிரம் பழகிவிடும்.

சரி, படத்தைத் திருத்திக் கொடுத்த அந்த அண்ணனுக்கு எப்படி எழுதுவது? ஒரு படத்தை எடுத்துக்கொள்வோம். மணப்பெண்ணும் பாட்டியும் கன்னத்தோடு கன்னம் வைத்து நிற்கிறார்கள். பெண்ணின் நெற்றியில் அன்று ஒரு பரு இருந்தது, போய்விட்டது, நல்லது. மேலுதட்டு மச்சமும் போய்விட்டது. பாட்டியின் கண்ணோரச் சுருக்கம் அத்தனையும் மறைந்து, அவருக்கு இருபது வயது குறைந்திருக்கிறது. குடும்பக் குழுவில் போடாமல் தனியாக அனுப்ப வேண்டிய செய்தி இது:

"அண்ணா, படம் எல்லாத்தையும் பார்த்துட்டோம். மாலை வெளிச்சத்துல எடுத்ததெல்லாம் ரொம்ப நல்லா வந்திருக்கு. அத்தனை கூட்டத்துலயும் பாட்டி சிரிச்ச நேரத்தைப் பிடிச்சிருக்கீங்க. ஒரு சின்ன உதவி வேணும். நானும் பாட்டியும் நிக்கிற 0412-ல மட்டும் ஸ்மூத்திங்கை இப்ப இருக்கறதுல பாதிக்கும் கீழ குறைச்சுத் தர முடியுமா? நெத்தியில பருவை எடுத்தது அப்படியே இருக்கட்டும். மச்சம் மட்டும் திரும்ப வந்துடணும். பாட்டி முகத்துக்கு ஸ்மூத்திங்கே வேண்டாம், நிறமும் வெளிச்சமும் இப்ப இருக்கற மாதிரியே போதும். 0415-ல என் முகம் எப்படி இருக்கோ அந்த அளவு சரியா இருக்கும். அவசரம் இல்லண்ணா, நேரம் கிடைக்கறப்ப பண்ணுங்க."

இங்கே ஸ்மூத்திங் என்றே எழுதியிருப்பதைக் கவனியுங்கள். அண்ணனுடைய திரையில் அந்தச் சொல்தான் இருக்கிறது. வேலை நடக்கவேண்டிய இடத்தில் அவர் புழங்கும் சொல்லை வைப்பதுதான் மரியாதை. நிரவல் என்பது நாம் கட்டுரையில், பாடத்தில், பேச்சில் புழங்கிப் பழக்க வேண்டிய சொல். "கொஞ்சம் குறைங்க" என்று மட்டும் எழுதாததற்கும் காரணம் இருக்கிறது. கொஞ்சம் என்பது அவருக்குப் பத்து, உங்களுக்கு அறுபது. பாதிக்கும் கீழே என்றும், இன்னொரு படத்தைப் போல என்றும் சொன்னால் இருவர் கண்ணும் ஒரே அளவில் நிற்கும். பொம்மை மாதிரி, பிளாஸ்டிக் மாதிரி என்ற உவமைகள் இதில் வேண்டவே வேண்டாம். அவை அவருடைய உழைப்பைக் குறை சொல்கின்றன, எதை மாற்றுவது என்று சொல்வதில்லை.

பருவை விட்டுவிட்டு மச்சத்தைக் கேட்டதில் திருத்துபவர்கள் பலர் கைக்கொள்ளும் ஒரு வழக்கம் இருக்கிறது. இரண்டு வாரத்தில் தானாகப் போய்விடக்கூடியதை எடுக்கலாம், நிலையாக இருப்பதைத் தொடக்கூடாது. பரு, தூக்கமின்மையால் வந்த வீக்கம், கீறல் முதல் வகை. மச்சம், தழும்பு, சுருக்கம் இரண்டாம் வகை.

அண்ணன் பதிலுக்கு, "லைட்ரூம்ல டெக்ஸ்ச்சரைக் குறைச்சேன், அதான்" என்று சொல்லலாம். லைட்ரூம் என்ற படத் திருத்த மென்பொருளில் 2019-ல் வந்த டெக்ஸ்ச்சர் நகர்த்தியை முதலில் தோல் ஸ்மூத்திங்குக்கென்றே உருவாக்கத் தொடங்கினார்கள். பிறகுதான் எதிர்ப்பக்கமும் சேர்த்து, இழையைக் கூட்டவும் குறைக்கவும் உதவும்படி பெயரை மாற்றினார்கள். அதில் குறைத்திருந்தால் எண்ணை மறுபடி பூஜ்யத்தை நோக்கி நகர்த்தினாலே போதும். மூலப்படம் கெடாமல் இருக்கும். லேயர் கோப்பு வைத்திருந்தாலும் சில நிமிட வேலைதான்.

கடைசியாகச் சேமித்த ஜேபெக் மட்டுமே மிஞ்சியிருந்தால் நிலைமை வேறு. 142 என்ற சராசரியைப் பார்த்து, அது எந்த ஐந்து எண்களிலிருந்து வந்தது என்று யாராலும் திரும்பச் சொல்ல முடியாது. மேலே கொஞ்சம் மணல்துகள் போன்ற கிரெயின் தூவி இழை இருப்பதுபோல் காட்டலாம். அது பாட்டியின் சுருக்கமாக இருக்காது. அந்த நிலையில் கேமராவிலிருந்து இறக்கிய மூலக்கோப்பு கார்டிலோ பழைய டிஸ்கிலோ இருக்கிறதா என்று அண்ணனைத் தேடச் சொல்லுங்கள். அதுவும் இல்லையென்றால் அதே நொடியில் அடுத்தடுத்து எடுத்த 0411, 0413 போன்றவற்றில் நிரவாத ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.