ப்ளூ டிக் விழுந்தால் நோட்டீஸ் சேர்ந்துவிட்டதா?

இந்த வருஷம் மட்டும் இதே கதையோடு எத்தனை பேர் நாகர்கோவிலில் என் ஆபீஸ் படியேறிவிட்டார்கள். எல்லார் கையிலும் போன். எல்லார் வாயிலும் ஒரே வாக்கியம்: "சாரே, அவன் பார்த்துட்டான், ப்ளூ டிக் விழுந்திருக்கு."

கடைசியாக வந்தவர் கருங்கல் பக்கம் சின்னதாக ஒரு முந்திரி ஆலை நடத்துகிறவர் (அடையாளம் தெரியாதபடி விவரங்களைக் கொஞ்சம் மாற்றியிருக்கிறேன்). பருப்பு தரம் பிரிக்கும் மெஷின் ஒன்றை மாதம் 38,000 ரூபாய் வாடகைக்கு எடுத்திருந்தார். ஒப்பந்தம் 2026 மார்ச் 31-இல் முடிகிறது. அதற்கு 60 நாளுக்குக் குறையாமல் முன்பே முடிவு நோட்டீஸ் கிடைக்காவிட்டால் தானாக இன்னொரு வருஷம் நீளும். அண்ணாச்சி ஜனவரி 20-ஆம் தேதியே கம்பெனி மேனேஜருக்கு வாட்ஸ்அப் போட்டார், மறுநாள் நாகர்கோவில் கிளையில் கடிதம் கொடுத்து ரப்பர் ஸ்டாம்பும் வாங்கினார். ஆனால் ஏப்ரலில் வாடகை பில் வந்தது! ஒரு வருஷத்துக்குக் கணக்குப் போட்டால் 4,56,000 ரூபாய்.

ஒப்பந்தத்தில் நோட்டீஸ் பிரிவு தெளிவாகத்தான் இருக்கிறது. எந்த நோட்டீஸும் எழுத்தில், ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில், முதல் பக்கத்தில் உள்ள கோயம்புத்தூர் பதிவு அலுவலக முகவரிக்கு மட்டுமே அனுப்ப வேண்டும், தபாலில் போட்ட ஐந்தாம் நாள் கிடைத்ததாகக் கருதப்படும். அந்த 'மட்டுமே'தான் ஆளைச் சாய்த்தது. கிளை அந்த முகவரி இல்லை, வாட்ஸ்அப் அந்த வழி இல்லை.

உடனே ஒருவர் சொல்வார், "வாட்ஸ்அப் நோட்டீஸ் செல்லும்னு சுப்ரீம் கோர்ட்டே சொல்லியாச்சே". சொன்னது 2020 ஜூலையில், கொரோனா காலத்தில், தபால் ஆபீஸுக்குப் போகவே முடியாதபோது, நோட்டீஸ், சம்மன் போன்றவற்றை மின்னஞ்சலிலும் வாட்ஸ்அப்பிலும் சார்பு செய்யலாம், அதாவது உரியவரிடம் சேர்க்கலாம் என்று. நீங்களே கையெழுத்துப் போட்டு ஒத்துக்கொண்ட வழியை அது மாற்றி எழுதவில்லை. இன்னொருவர் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தைக் கொண்டு வருவார். மின்னணுப் பதிவுக்குச் சட்ட மதிப்பு உண்டு, சரி. அந்தச் செய்தி எதிராளி பார்த்ததற்குச் சாட்சியாகவும் நிற்கும். ஆனால் ஒப்பந்தம் 'இந்த வழியில்தான்' என்று சொல்லும்போது, அவன் பார்த்தானா என்பதோடு சொன்னபடி அனுப்பினீர்களா என்ற கேள்வியும் வரும். கிடைத்ததை எதிராளியே ஒத்துக்கொண்டால் முறைக்குறையைப் பெரிதாக எடுக்காத நீதிபதிகளும் இருக்கிறார்கள், பிரிவில் 'அனுப்பலாம்' என்று மட்டும் இருந்தால் வாதாட இடமும் உண்டு. ஆனால் ஒரு தபால் செலவில் முடிய வேண்டியதற்கு வழக்கு நடத்த வேண்டுமா?

நாள் கணக்கையும் பாருங்கள். 60 முழு நாள் கிடைக்க ஜனவரி 29-க்குள் நோட்டீஸ் சேர்ந்ததாக ஆக வேண்டும், ஐந்து நாள் பின்னால் போனால் 24-ஆம் தேதி சனிக்கிழமை தபாலில் போட்டிருக்க வேண்டும். மறுநாள் ஞாயிறு, 26 குடியரசு தினம். 27-இல் போட்டால் பிப்ரவரி 1-தான், போச்சு. அதனால் கடைசித் தேதியைப் பின்னாலிருந்து எண்ணி, அதற்கும் இரண்டு வாரம் முன்னதாக அனுப்புங்கள்.

எதிராளி ஆபீஸை மாற்றிவிட்டானே என்பார்கள். புது முகவரியை எழுத்தில் உங்களுக்குத் தெரிவித்தானா? இல்லையென்றால் பழைய முகவரிக்கே போகட்டும், தெரிந்த இடத்துக்கும் ஒரு நகல் போகட்டும். பூட்டியிருந்தது, வாங்க மறுத்தார் என்று எழுதி உறை திரும்பி வந்தால் தயவு செய்து கிழித்துப் பார்க்காதீர்கள்! உள்ளே என்ன இருந்தது என்பதற்கு அந்த ஒட்டிய உறையே சாட்சி. சரியான முகவரிக்கு அனுப்பிய தபாலை வாங்க மறுத்தால் பொதுவாக அது சேர்ந்ததாகவே நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும்.

அப்புறம், 2025-இல் பதிவுத் தபால் என்ற தனிச் சேவை ஸ்பீட் போஸ்ட்டோடு இணைக்கப்பட்டுவிட்டது. பழைய ஒப்பந்தங்களில் 'பதிவுத் தபால்' என்றே இருப்பதால், கவுண்டரில் பதிவுச் சேவையோடு ஸ்பீட் போஸ்ட் என்று கேளுங்கள், டெலிவரி சான்றும் கேளுங்கள். ரசீதில் முகவரியும் பின்கோடும் சரியா என்று அங்கேயே நின்று பாருங்கள். டிராக்கிங் பக்கத்தை டெலிவரி ஆன அன்றே பிரிண்ட் எடுங்கள், அது இணையத்தில் என்றைக்கும் இருக்காது.

வாட்ஸ்அப் அனுப்ப வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, கூடுதலாக அனுப்புங்கள். அண்ணாச்சிக்கு இப்போது அந்த ஸ்டாம்ப் கடிதத்தையும், வாட்ஸ்அப்பில் மேனேஜர் போட்ட "ஓகே சார், ஹெட் ஆபீஸில் சொல்லிவிடுகிறேன்" என்ற பதிலையும் வைத்துத்தான் கம்பெனிக்குப் பதில் எழுதிக்கொண்டிருக்கிறேன். இந்த முறை கோயம்புத்தூர் முகவரிக்கு.